கருகின மோட்டர் சொல்லும் சாட்சி



பாலாவிச் சந்தியில் இருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பினால் தென்னந்தோட்டமும் உப்பளமும் களப்பும் மாறி மாறி வரும். இந்தப் பக்கத்தில் தண்ணீர் இறைப்பதும் மோட்டர்தான், தும்பு அடிப்பதும் மோட்டர்தான். மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து வாட்டும் விசிறியைச் சுற்றுவதும் அதே சாதி மோட்டர்தான். அதனால் இந்தப் பாடம் கரையோரத்தில் வேலை செய்பவர்களுக்கும் மலையில் வேலை செய்பவர்களுக்கும் பொது.

மோட்டர் ஒன்று புகைந்து நின்றுவிட்டால் தோட்டத்தில் முதலில் வரும் பேச்சு என்ன? "ஓவர்லோட் பண்ணி எரிச்சிட்டான்." அடுத்த பேச்சு, "அன்றைக்கு யார் டியூட்டி?" மோட்டர் ரீவைண்டிங் கடைக்குப் போகும். கடைக்காரர் கருகின கம்பியை வெட்டி எடுத்து, மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். மூன்று மாதம் போனால் அதே மோட்டர் அதே இடத்தில் திரும்பவும் எரியும்.

ஏன் இப்படி ஆகிறது? மோட்டர் செத்தது எதனால் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். கருகின வைண்டிங்கின் நிறமும், கருகல் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு சாட்சிக் கடிதம் மாதிரி. கம்பியை வெட்டி எடுத்த பிறகு அந்தக் கடிதம் போய்விடும். அதை வாசிக்கும் விதத்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

திறக்கும் முன்பு

முதல் வேலை, மெயின் சுவிட்சை இறக்கி, பியூசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. வேறு யாராவது தெரியாமல் போட்டுவிடக் கூடாது.

இரண்டாவது வேலை, மோட்டரின் மேலே இருக்கும் இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்ப்பது. வயரைக் கழற்றும் முன்பே பார்க்க வேண்டும். உள்ளே 6 போல்ட் இருக்கும். மேல் வரிசையில் 3, கீழ் வரிசையில் 3. அவற்றைச் சேர்க்கப் பித்தளைத் தகடுகள் போட்டிருப்பார்கள். மூன்று தகடுகள் மேலிருந்து கீழாக நிமிர்ந்து நின்றால் அது டெல்டா இணைப்பு. தகடுகள் ஒரே வரிசையில் படுத்து, மூன்று போல்ட்டையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் அது ஸ்டார் இணைப்பு. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் உள்ள மோட்டரில் தகடே இருக்காது, 6 வயர் வந்திருக்கும். அது ஓடும்போது டெல்டா என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இது தெரியாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயம் பயன்படாது. ஒரே மாதிரிக் கருகலுக்கு ஸ்டாரில் ஓர் அர்த்தம், டெல்டாவில் வேறோர் அர்த்தம்.

கடிகாரம் வரையும் முறை

இரண்டு பக்க மூடியையும் கழற்றி ரோட்டரை வெளியே எடுத்தால், வைண்டிங்கின் தலைப்பகுதி வட்டமாக, மாலை கட்டினது போலத் தெரியும். நிமிடத்துக்கு 1,440 சுற்று என்று பெயர்த்தகட்டில் எழுதியிருந்தால் அது 4 போல் மோட்டர். தோட்டத்தில் அதிகம் இருப்பது இந்த வகைதான். வழக்கமான இரட்டை அடுக்கு வைண்டிங் என்றால் இந்த மாலையில் 12 சுருள் குழுக்கள் இருக்கும். 3 பேசுக்கும் பங்கு பிரித்தால் ஒரு பேசுக்கு 4 குழு.

கடிகாரத்திலும் 12 எண்கள்தானே? ஒரு வட்டம் வரைந்து 1 முதல் 12 வரை எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு குழு. முதல் பேஸ் 12, 3, 6, 9 மணியில் இருந்தால், இரண்டாவது பேஸ் 1, 4, 7, 10 மணியிலும் மூன்றாவது பேஸ் 2, 5, 8, 11 மணியிலும் இருக்கும். அதாவது ஒரே பேசின் குழு மூன்று மணிக்கு ஒரு தடவை திரும்ப வரும்.

இனி ஒரு பழைய துணியால் தலைப்பகுதியை மெதுவாகத் துடையுங்கள். புகைக்கரி நல்ல சுருளின் மேலும் படிந்திருக்கும். துடைக்காமல் பார்த்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். துடைத்த பிறகு டோர்ச் லைட் அடித்து, எந்த மணியில் கறுப்பு, எந்த மணியில் பொன்நிறம் என்று காகிதத்தில் குறியுங்கள். மற்றப் பக்கத் தலையையும் இப்படியே பாருங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லாக் கம்பியின் எனாமலும் ஒரே நிறம் இல்லை. சிலது தேன் நிறம், சிலது செம்பழுப்பு. வார்னிஷ் பழசானாலும் கறுக்கும். ஆகவே "இது கறுப்பா?" என்று கேட்காதீர்கள். "பக்கத்துக் குழுவை விட இது கறுப்பா?" என்று கேளுங்கள். அண்டை வீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை.

முதல் சாவு: ஓவர்லோட்

கடிகாரத்தில் 12 மணியும் ஒரே மாதிரிக் கருகியிருந்தால், இரண்டு பக்கத் தலையும் அப்படியே இருந்தால், மூன்று பேசும் சமமாகச் சூடேறியிருக்கின்றன. கட்டு நூல் தொட்டாலே பொடியாகும். வார்னிஷ் அப்பளம் போல நொறுங்கும். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு என்று இருக்காது. இதுதான் ஓவர்லோட் அடையாளம்.

ஆனால் கவனியுங்கள். இந்த அடையாளம் "மோட்டர் அளவுக்கு மீறிச் சூடேறியது" என்று மட்டும்தான் சொல்கிறது. "ஓட்டினவர் அதிக வேலை வாங்கினார்" என்று சொல்லவில்லை. சூடு மூன்று வழியில் ஏறலாம். உண்மையாகவே சுமை கூடியிருக்கலாம். உதாரணமாக பம்பின் பேரிங் இறுகியிருக்கலாம். அல்லது வோல்டேஜ் மூன்று பேசிலும் குறைந்திருக்கலாம். லைனின் கடைசியில் உள்ள தோட்டங்களில் மாலை நேரத்தில் இது நடக்கும். வோல்டேஜ் குறைந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டர் அதிகக் கரண்டை இழுக்கும். மூன்றாவது வழி, காற்றோட்டம் அடைபடுவது. தும்பு ஆலைகளில் விசிறி மூடியின் ஓட்டைகளைத் தும்புத்தூள் அடைத்து, உடம்பில் உள்ள குளிர்விக்கும் வரிகளுக்கு இடையில் மெத்தை மாதிரி படியும். சுமை சரி, கரண்ட் சரி, ஆனால் சூடு வெளியே போக வழியில்லை. இப்படிச் செத்த மோட்டரின் ஓவர்லோட் ரிலே கடைசி வரை விழாது. ரிலே பார்ப்பது கரண்டை, சூட்டை அல்ல.

ஆகவே 12 மணியும் கருகியிருந்தால் பழி சொல்லும் முன்பு பம்ப் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், விசிறி மூடியைப் பாருங்கள், மாலை நேர வோல்டேஜை அளந்து பாருங்கள்.

இரண்டாவது சாவு: ஒரு பேஸ் போவது

மூன்று வயரில் ஒன்று எங்கேயோ அறுந்தால் அல்லது பியூஸ் ஒன்று போனால், அதைச் சிங்கிள் பேசிங் என்கிறோம். நின்றிருக்கும் மோட்டரில் இது நடந்தால் சுவிட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று முனகும், சுற்றாது. உடனே நிறுத்திவிட்டால் தப்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தால்தான் ஆபத்து. மோட்டர் நிற்காது. இரண்டு வயரை வைத்தே தொடர்ந்து ஓடும். மூன்று மாடு இழுத்த சுமையை இரண்டு மாடு இழுப்பது போல, மிச்சமிருக்கும் இரண்டு வயரிலும் கரண்ட் சுமார் 1.73 மடங்கு ஆகும்.

ஸ்டார் மோட்டரில் மூன்று சுருளும் நடுவில் ஒரு புள்ளியில் சேர்கின்றன. ஒரு வயர் போனால் அந்தச் சுருளுக்கு வேலையே இல்லை. கரண்ட் ஒரு சுருளால் வந்து இன்னொரு சுருளால் போகும். அந்த இரண்டும் கருகும், மூன்றாவது புதுசு போல இருக்கும். கடிகாரத்தில் 12, 3, 6, 9 மட்டும் பொன்நிறம், மற்ற எட்டும் கறுப்பு. பொன்நிறமாக இருக்கும் பேசின் வயர்தான் வரும் வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது.

டெல்டா மோட்டரில் இது தலைகீழ். மூன்று சுருளும் முக்கோணமாக நிற்கின்றன. ஒரு மூலைக்குக் கரண்ட் வராவிட்டால் மிச்ச இரண்டு மூலைகளுக்கும் நடுவில் இரண்டு வழி இருக்கும். ஒரு வழியில் ஒரே சுருள். மற்ற வழியில் இரண்டு சுருள் வரிசையாக. குறுக்கு வழியில் கூட்டம் அதிகம் போகும் அல்லவா? கரண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஒற்றைச் சுருளால் போகும், ஒரு பங்கு மட்டும் நீள வழியால் போகும். ஒற்றைச் சுருள் கருகும், மற்ற இரண்டும் தப்பும். கடிகாரத்தில் 12, 3, 6, 9 மட்டும் கறுப்பு, மற்ற எட்டும் பொன்நிறம்.

சுருக்கமாக மனதில் வைக்க: ஸ்டாரில் இரண்டு சாகும், ஒன்று பிழைக்கும். டெல்டாவில் ஒன்று சாகும், இரண்டு பிழைக்கும்.

மூன்றாவது சாவு: சுற்றுக்குச் சுற்று ஷார்ட்

ஒரே சுருளுக்குள் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் எனாமல் உரிந்து ஒன்றையொன்று தொட்டால், அந்தச் சில சுற்றுகள் தனியே மூடின வளையம் ஆகிவிடும். மோட்டரின் காந்தப் புலம் அந்த வளையத்துக்குள் பெரிய கரண்டை ஓட வைக்கும். சில சமயம் நிமிடக் கணக்கில் அந்த இடம் உருகும்.

அடையாளம் தெளிவானது. கடிகாரத்தில் ஒரே ஒரு மணி. அதிலும் ஒரு சுருள். அந்தச் சுருளில் ஒரு இடத்தில் கம்பி அறுந்து, நுனியில் செப்பு உருகி மணி மணியாகத் திரண்டு நிற்கும். மூன்று மணிக்கு ஒரு தடவை திரும்ப வரும் அந்த ஒழுங்கு இருக்காது. மற்ற 11 மணியும் பொன்நிறமாகவே இருக்கும்.

இது எதனால் வரும்? சுற்றும்போது கம்பியில் கீறல் விழுந்திருக்கலாம், வார்னிஷ் சரியாக ஊறாமல் இருக்கலாம். எங்கள் கரையோரத்தில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று உள்ளே போய்ப் படியும்; இரவில் மோட்டர் குளிர்ந்ததும் ஈரத்தை உறிஞ்சும். எனாமலில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்த ஈரம் வழி காட்டிவிடும். எதுவாக இருந்தாலும் இந்தச் சாவுக்கு ஓட்டினவர் பொறுப்பு இல்லை. பழுது மோட்டருக்குள்ளே பிறந்தது.

ஒரு மோட்டரின் கதை

இனி இதை ஒரு உண்மை வேலையில் வைத்துப் பார்ப்போம். பாலாவிப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் இருந்து ஒரு பம்ப் மோட்டர் எங்கள் பட்டறைக்கு வந்தது. 5.5 கிலோவாட், அதாவது ஏழரை குதிரைச் சக்தி. 400 வோல்ட், 4 போல், டெல்டா. பெயர்த்தகட்டில் 11 அம்பியர் என்று இருந்தது.

மோட்டரோடு பம்ப் ஓட்டும் தம்பியும் லொறியில் வந்திருந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "வழக்கமா ஓட்டுற மாதிரிதான் ஓட்டினேன் பாஸ். சுப்பவைசர் ஐயா கேக்க மாட்டேங்கிறார். ஓவர்லோட் பண்ணி எரிச்சதுன்னு ரீவைண்டிங் காசு என் சம்பளத்துல வெட்டப் போறாங்களாம்" என்றார்.

"கொஞ்சம் பொறு தம்பி. மோட்டர் என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

மூடியைக் கழற்றித் துடைத்தோம். 12, 3, 6, 9 மணியில் நான்கு குழுவும் கரிக்கட்டை. நடுவில் உள்ள எட்டும் தேன் நிறத்தில் இருந்தன. இரண்டு பக்கமும் அதே. செப்பு உருகின மணி எங்கேயும் இல்லை. பெட்டியில் மூன்று தகடும் நிமிர்ந்து நின்றன. டெல்டா, ஒன்று செத்தது, இரண்டு பிழைத்தது. ஓவர்லோட் என்றால் 12 மணியும் கருகியிருக்க வேண்டும். ஆகவே போனது ஒரு பேஸ்.

எந்த பேஸ்? மீட்டரை வைத்துக் கருகின சுருளின் இரண்டு முனையும் எந்தப் போல்ட்டுகளுக்கு வருகின்றன என்று பார்த்தோம். தம்பி வயரைக் கழற்றும்போது நல்ல வேளையாக நிறத்தைக் குறித்து வைத்திருந்தார். கருகின சுருள் சிவப்பு வயருக்கும் மஞ்சள் வயருக்கும் நடுவில் இருந்தது. அப்படியென்றால் கரண்ட் வந்தது சிவப்பிலும் மஞ்சளிலும். வராதது நீலம். உங்கள் இடத்தில் வயர் நிறம் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். டெல்டாவில் கருகின சுருள் எந்த இரண்டு வயருக்கு நடுவில் இருக்கிறதோ, அந்த இரண்டைத் தவிர்த்த மூன்றாவது வயர்தான் குற்றவாளி.

அடுத்த நாள் பம்ப் வீட்டுக்குப் போனோம். நீல வயரைப் பிடித்துக்கொண்டு மோட்டரில் இருந்து பின்னோக்கி நடந்தோம். ஸ்டார்ட்டர் கொன்டாக்டரின் முனை நன்றாக இருந்தது. மெயின் சுவிட்சில் நீல பியூசின் பிடியைத் தொட்டதும் ஆடியது. செப்புத் தாடை பச்சை பூத்துப் போயிருந்தது. பீங்கான் அடியில் கறுத்திருந்தது. உப்புக் காற்றில் செப்பு அரித்து, பிடி தளர்ந்து, தளர்ந்த இடம் சூடேறி, சூடேறினதில் பிடி இன்னும் தளர்ந்து, கடைசியில் தொடர்பு விட்டுவிட்டது. பியூஸ் கம்பி அறுபடவே இல்லை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஓவர்லோட் ரிலே ஏன் விழவில்லை? ரிலேயைப் பார்த்தோம். முள் 16 அம்பியரில் நின்றது. 11 அம்பியர் மோட்டருக்கு 16. தம்பியிடம் கேட்டால், "ரெண்டு மூணு கிழமையா அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு யாரோ வந்து திருகிட்டுப் போனாங்க" என்றார்.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பம்ப் வழக்கமாக ஒவ்வொரு வயரிலும் 9 அம்பியர் இழுத்தது. டெல்டாவில் சுருளுக்குள் போவது அதை 1.73ஆல் வகுத்த அளவு, அதாவது 5.2 அம்பியர். சுருள் தாங்கக்கூடியது, 11ஐ 1.73ஆல் வகுத்தால் 6.4 அம்பியர். நீலம் போனதும் சிவப்பிலும் மஞ்சளிலும் கரண்ட் 9இன் 1.73 மடங்கு, சுமார் 15.6 அம்பியர் ஆனது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, 10.4 அம்பியர், ஒற்றைச் சுருளுக்குள் ஓடியது. 6.4 தாங்கும் சுருளில் 10.4. சூடு கரண்டின் வர்க்கமாக ஏறும் என்பதால் தாங்கக்கூடிய சூட்டைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். மற்ற இரண்டு சுருளில் ஓடியது அதே 5.2 அம்பியர்தான். பக்கத்து வீடு எரிவது அவற்றுக்குத் தெரியவே இல்லை. அதனால்தான் தேன் நிறம் மாறாமல் இருந்தன.

ரிலேயோ 16 தாண்டினால்தான் விழும் என்று உட்கார்ந்திருந்தது. வந்தது 15.6. முள் 11இல் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் ஏறக்குறைய 1.4 மடங்கு. ரிலே சில நிமிடங்களில் விழுந்து மோட்டரைக் காப்பாற்றியிருக்கும். முந்தின கிழமைகளில் அடிக்கடி டிரிப் ஆனதும் வீணாக இல்லை. தளர்ந்த பிடி விட்டு விட்டுத் தொட்டபோது ரிலே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சொன்ன வாயைக் கட்டிவிட்டார்கள்.

நான் வரைந்த கடிகாரப் படம், பியூஸ் பிடி, இந்தக் கணக்கு மூன்றையும் சுப்பவைசர் ஐயா முன்னால் வைத்தோம். பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஆனால் சம்பளத்தில் வெட்டும் பேச்சு அதோடு நின்றது. பியூஸ் பெட்டியை மாற்றினோம், ரிலே முள்ளை 11க்கு இறக்கினோம், புது வைண்டிங் போட்ட மோட்டரை ஏற்றி மூன்று வயரிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தோம். மூன்றும் 9 அம்பியரை ஒட்டி நின்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். பியூஸ் பெட்டியை மாற்றாமல் மோட்டரை மட்டும் மாட்டியிருந்தால் புது வைண்டிங்கும் அதே பாட்டைப் பட்டிருக்கும்.

சாட்சி குழப்பும் இடங்கள்

எல்லா மோட்டரும் இவ்வளவு தெளிவாகப் பேசாது. நான்கு இடங்களில் ஏமாறலாம்.

ஒன்று, குழுவின் எண்ணிக்கை. நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்குப் பக்கமாக ஓடும் 2 போல் மோட்டரில் 6 குழுதான் இருக்கும். ஒரு பேசின் குழு நேர் எதிராக இரண்டு இடத்தில் வரும். சில 4 போல் மோட்டரிலும் ஒற்றை அடுக்காகச் சுற்றி 6 குழுவாக வைப்பார்கள். எண் மாறினாலும் விதி மாறாது. சம தூரத்தில் ஒழுங்காகத் திரும்ப வந்தால் அது பேஸ் விஷயம். ஒழுங்கில்லாமல் ஒரே இடம் என்றால் உள்ளே பிறந்த பழுது.

இரண்டு, அரைகுறைக் கருகல். சிங்கிள் பேசிங் போலவே ஒழுங்கு இருக்கும், ஆனால் கறுப்புக்குப் பதில் ஒரு பேஸ் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பழுத்திருக்கும். இது பேஸ் முழுதாகப் போனதல்ல, மூன்று பேசின் வோல்டேஜும் சமமில்லாமல் நெடுநாள் ஓடினது. வோல்டேஜில் 100க்கு 1 வித்தியாசம் இருந்தால் கரண்டில் 6 முதல் 10 வரை வித்தியாசம் வரலாம். அதனால் சின்ன வித்தியாசத்தையும் விடக் கூடாது.

மூன்று, பழுது டிரான்ஸ்போமருக்கு மேலே இருந்தால். உயர் அழுத்தப் பக்கத்தில் ஒரு பியூஸ் போனால், நமக்கு வரும் மூன்று வயரிலும் கரண்ட் இருக்கும். ஆனால் ஒன்றில் மற்றதைப் போல இரண்டு மடங்கு ஓடும். அப்போது கருகல் புரண்டுவிடும். ஸ்டாரில் ஒரு பேஸ் அதிகம் கருகும், டெல்டாவில் இரண்டு கருகும். உங்கள் பியூசும் சுவிட்சும் சுத்தமாக இருந்து, கருகல் விதிக்கு எதிராக இருந்தால், அந்த நாளில் பக்கத்துத் தோட்டத்திலும் மோட்டர் எரிந்ததா, லைட் மங்கினதா என்று விசாரியுங்கள்.

நான்கு, செத்த பிறகும் ஓட்டினது. ஒரு சுருளில் ஷார்ட் வந்த பிறகும் பியூசை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் தீ மற்றச் சுருளுக்கும் பரவும். கடைசியில் எல்லாம் கரி. அப்போது செப்பு உருகின மணியைத் தேடுங்கள். எந்த இடத்தில் மிகவும் ஆழமாக உருகியிருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் தொடக்கம். அப்படி ஒன்றும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதுவதே நேர்மை. ஊகித்து ஒருவர் தலையில் கட்ட வேண்டாம்.

பயிற்சி

கீழே மூன்று மோட்டர். விடையை மூடி வைத்துக்கொண்டு முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

1. தும்பு ஆலை மோட்டர், 4 போல், டெல்டா. 12 மணியும் ஒரே கறுப்பு. ரிலே சரியான அளவில் இருந்தும் விழவில்லை.

2. சின்ன பம்ப் மோட்டர், 2 போல், ஸ்டார், 6 குழு. எதிரெதிராக இரண்டு குழு பொன்நிறம், மற்ற நான்கும் கறுப்பு.

3. கொழுந்து வாட்டும் விசிறி மோட்டர், 4 போல், டெல்டா. 5 மணியில் ஒரு சுருளில் கம்பி அறுந்து செப்பு மணி திரண்டிருக்கிறது. மற்றெல்லாம் தேன் நிறம்.

விடைகள்: முதலாவது அளவுக்கு மீறின சூடு, ஆனால் ரிலே விழாததால் கரண்ட் கூடியிருக்க வாய்ப்புக் குறைவு, முதலில் விசிறி மூடியில் தும்புத்தூளைத் தேடுங்கள். இரண்டாவது சிங்கிள் பேசிங். பொன்நிறக் குழுவின் வயரைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். மூன்றாவது சுற்றுக்குச் சுற்று ஷார்ட்; வெளி வயரிங்கைக் குற்றம் சொல்ல வேண்டாம், யார் ஓட்டினார் என்றும் கேட்க வேண்டாம்.

அடுத்த தடவை உங்கள் தோட்டத்தில் மோட்டர் எரிந்தால் லொறியில் ஏற்றும் முன்பு இணைப்புப் பெட்டியைப் பார்த்து ஸ்டாரா டெல்டாவா என்று குறியுங்கள். வயர் நிறத்தைக் குறியுங்கள். ரிலே முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதுங்கள். கடைக்காரரிடம், "வெட்டும் முன்பு மூடியைக் கழற்றிக் காட்டுங்க பாஸ்" என்று கேளுங்கள். காட்டாமல் வெட்டிவிட்டால் பிறகு பேச்சுத்தான் மிஞ்சும், சாட்சி இருக்காது.